குறுக்கே பேசாத வீடு

கல்யாண சிடி எடிட் செய்யும் வேல்விழி, பீங்கான் பொம்மை செய்யும் தம்பதியைப் பற்றிய குறும்படத்துக்கு, பார்வையற்றவர்களுக்காகக் காட்சி விளக்கம் எழுதினாள். அவள் வாசிக்க, பார்வையற்ற ஆசிரியர் பழமலை படத்தோடு சேர்த்துக் கேட்டார்.

"மனைவி தனிமையில் வாடுகிறாள்."

"வாடுறாங்களான்னு நாங்களே புரிஞ்சிக்கிறோங்க. என்ன செய்யறாங்கன்னு சொல்லுங்க போதும். நீங்க வாசிக்கிறது படத்துல புருசன் பேசுற பேச்சு மேலயும் ஏறுது."

அந்தப் புருசன் ஓயாமல் பேசினான். அவன் மூச்சு விடும் இடைவெளியில் ஒரே வரிதான் நுழைந்தது: "மனைவி பொம்மைக்குக் கண் வரைகிறாள்."

பழமலை தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தும் வேல்விழியின் மனம் வாசித்துக்கொண்டே இருந்தது. வேல்விழி பூட்டைத் திறக்கிறாள். விளக்கைப் போடுகிறாள். ஒரு தட்டை எடுத்து வைக்கிறாள்.

எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் வாசிக்கலாம். குறுக்கே பேச ஆளில்லை.