ஒரு லைனுக்கு ஒரு பாஸ்

அந்த பாஸைச் செய்தது நான்தான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஆளாளுக்குக் கம்பெனியைத் திட்டியபோது நானும் கூடச் சேர்ந்து திட்டிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

ஆம்பூருக்கு வெளியே ஷூ கம்பெனி. அதில் மேல்பாகம் தைக்கிற மூன்றாவது லைனுக்கு நான் சூப்பர்வைசர். லைனில் முப்பத்தெட்டு பெண்கள். ஒருத்தி தோலின் ஓரத்தைச் சீவுவாள், அடுத்தவள் பசை தடவி மடிப்பாள், அதற்கடுத்தவள் தைப்பாள். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவளுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒருநாள் மூன்று பேர் சேர்ந்தாற்போல் பாத்ரூமுக்குப் போய்விட்டார்கள். புரொடக்ஷன் மேனேஜர் லைன் நடுவில் நின்று, "இன்னாம்மா, கல்யாண வீடா இது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் வெட்டிப்போட்ட சிவப்புத் தோல் துண்டு ஒன்றை எடுத்து, பளபளவென்று ஓரம் மடித்துத் தைத்து, கயிறு கோத்து என் மேஜையில் மாட்டினேன். லைனுக்கு ஒரே பாஸ். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். பக்கத்திலேயே ஒரு நோட்டு வைத்து, டோக்கன் நம்பர், போன நேரம், வந்த நேரம் என்று மூன்று கட்டம் போட்டேன். ஒரே வாரத்தில் கணக்கு குறையாமல் ஷூ ஜோடிகள் வெளியே போயின. மேனேஜர் மற்ற சூப்பர்வைசர்களைக் கூட்டி வந்து காட்டினார். பத்து நாளில் எல்லா லைனிலும் பாஸ் தொங்கியது. நான் ஏதோ மெஷின் கண்டுபிடித்தவள் மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

என் லைனில் பேஸ்டிங் மேஜையில் ஒரு பெண். முப்பத்தெட்டு, நாற்பது வயசிருக்கும். ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி வருகிறவள். பேஸ்டிங் என்றால் நாள் முழுக்க நின்றபடியே பசை தடவுகிற வேலை. பசை வாடைக்கு நாக்கு உலர்ந்துபோகும். புருஷன் இல்லை. மகள் வேலூரில் நர்ஸிங் இரண்டாம் வருஷம். அந்தப் படிப்பு முடிகிறவரை இந்த வேலையை விடக்கூடாது என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே கணக்கு. கை சுத்தம், பேச்சு கம்மி. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

கோடையில் அவளுக்கு அடிவயிற்று வலியும் குளிர் ஜுரமும் வந்து ஒரு வாரம் லீவு போட்டாள். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சிறுநீர்ப் பாதையில் இன்ஃபெக்ஷன் என்று மாத்திரை கொடுத்தார்களாம். திரும்பி வந்த அன்று என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு வாட்டர் பாட்டில் மேஜ மேல வெச்சிக்கட்டுமா? டாக்டரு தண்ணி ஜாஸ்தி குடிக்க சொல்லிக்கிறாரு."

"தோல் மேல ஒரு சொட்டு வுழுந்தா கறை போவாதும்மா. அங்க கூலர் இருக்குல்ல, போய்க் குடி."

"அங்கயா?" என்றாள்.

அந்தக் கூலர் பாத்ரூம் வாசலில், கை கழுவுகிற தொட்டிக்கு ஒட்டினாற்போல் இருந்தது. மேலே 'குடிநீர்' என்று அழகாக எழுதியிருக்கும். கீழே சோப்பு நுரை ஓடும். நானே அதில் குடித்ததில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்து டிராயரில் வைத்துக்கொள்வேன்.

"குடிச்சா போவணும்லக்கா" என்றாள் மெதுவாக.

"போயேன். உன்ன யாரு புடிச்சி வெச்சாங்க?"

என் கையெட்டுகிற தூரத்தில் பாஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் நின்று பசை தடவ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே ஜுரம். இந்தத் தடவை கிட்னி வரைக்கும் போய்விட்டதென்றும், இன்னொரு தரம் வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவோம் என்றும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வந்தவள், "இந்த மாசத்தோட நின்னுக்கறேங்க்கா. ஒடம்பு ஒத்து வர்ல" என்றாள். பொண்ணு படிப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். பசை டப்பாவை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. நல்ல வேலைக்காரியை இழக்கப்போகிறோமே என்கிற கோபம். உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று மனசுக்குள் திட்டினேன். இப்போது நினைத்தால் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த மாதத்துக்குள் ஒருநாள் கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் போட்டான். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், சொல்லாமல் கொள்ளாமல். கையெழுத்து வாங்கி உள்ளே விட பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் நடந்ததை எழுதினால் சிரிப்பாக இருக்கும். வெல்ஃபேர் ஆபீசர் டை பறக்க ஓடி வந்து பாத்ரூமுக்கெல்லாம் புது சோப்பு வைத்தார். பெண்கள் ஓய்வு அறையில் கூரை வரை அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை நான்கு பேர் சுமந்து குடோனுக்கு ஓடினார்கள். அறைக்குள்ளே பெஞ்சு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். காட்டன் புடவை, காலில் சாதாரண செருப்பு, சத்தமே இல்லாத பேச்சு. பாத்ரூம்களை எண்ணினார். இருபத்தைந்து பெண்களுக்கு ஒன்று என்கிற கணக்குக்கு ஒன்றிரண்டு கூடவே இருந்தது. தண்ணீர் வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. வெல்ஃபேர் ஆபீசருக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் கம்பெனிகளில் வெளிநாட்டில் ஷூ வாங்குகிற பையருக்காக ஆடிட் வருகிறவர்கள் எதற்கெடுத்தாலும் ரெஜிஸ்டர் கேட்பார்கள். பாத்ரூம் கழுவியதற்கு ரெஜிஸ்டர், தண்ணீர் டேங்க் சுத்தம் செய்ததற்கு ரெஜிஸ்டர். எழுதி வைத்திருந்தால் நல்லது, எழுதாவிட்டால் தப்பு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த சட்டம். அந்தப் பழக்கத்தில் என் லைனுக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் பாஸ் நோட்டைப் பெருமையாக எடுத்து நீட்டினேன்.

"மேடம், எங்க லைன்ல யார் எப்ப பாத்ரூம் போனாலும் என்ட்ரி இருக்கு. ஒரு நாள் கூட விட்டது கெடயாது."

வெல்ஃபேர் ஆபீசர் கண்ணாலேயே என்னைத் தடுக்கப் பார்த்தார். அவர் எதற்கு முழிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் என் நாற்காலியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். வருகைப் பதிவேட்டையும் கொண்டு வரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு டோக்கன் நம்பரைச் சொன்னார்.

"இவங்க லீவுல இருக்காங்களா?"

"இல்ல மேடம். தெனம் வர்றாங்க. தோ, பேஸ்டிங்ல நிக்கிறாங்களே, அவங்கதான்."

"பத்தொன்பது நாள் வேலைக்கு வந்திருக்காங்க. இதுல ஒரு தடவைகூட இவங்க நம்பர் இல்லையே."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். ஒரு நாளைக்குப் பத்து என்ட்ரி, பன்னிரண்டு என்ட்ரி. முப்பத்தெட்டு பேரில் பாதிப் பேருக்கு மேல் அன்றன்றைக்குப் போகவே இல்லை. அவள் நம்பர் எங்கேயும் இல்லை. எத்தனை நிமிஷம் ஆனது என்று மட்டும் தினம் பார்த்தவள், யார் நம்பர் வரவில்லை என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அவளை ஓய்வு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். எங்களில் யாரையும் உள்ளே விடவில்லை. வெளியே வந்ததும் கூலர் இருந்த இடத்தில் டேப் பிடிக்கச் சொன்னார். கழுவுகிற இடத்துக்கும் குடிக்கிற தண்ணீருக்கும் நடுவே ஆறு மீட்டராவது வேண்டுமாம். எங்களுடையது ஒரு மீட்டர் கூட இல்லை. நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் உட்கார ஸ்டூல் எங்கே என்று கேட்டார். போகும்போது மேனேஜரிடம், "கட்டி வெச்சா போதாது சார், போகவும் விடணும்" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தார். பாஸ் முறையை உடனே நிறுத்த வேண்டும் என்பது முதல் வரி.

மேனேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். "உன்ன யாரு நோட்ட நீட்ட சொன்னது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் அழுதிருப்பேன். அன்று எனக்கு வேறு அழுகை இருந்தது. "சார், நோட்ட காட்னது தப்பில்ல. நோட்டு போட்டதுதான் தப்பு" என்றேன்.

சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் அவளைப் பிடித்தேன். மன்னிப்பு கேட்கத் தெரியாத ஜென்மம் நான். "ஏம்மா, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?" என்று அப்போதும் அதட்டலாகத்தான் வந்தது. அவள், "பாஸ எடுக்க வந்தா நீங்க வாட்ச்ச பாப்பீங்கக்கா. அதுக்கே ஒடம்பு கூசும்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நிக்காத. மாசக் கடைசி வரைக்கும் டைம் குடு" என்றேன்.

முதல் வாரம் பேஜார்தான். அவிழ்த்துவிட்டது மாதிரி எல்லாரும் போனார்கள், லைன் அங்கங்கே நின்றது. மேனேஜர் வந்து என்னை முறைத்தார். நான் அவரிடம் ஒரு அனுமதி கேட்டு வாங்கினேன். எல்லா வேலையும் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் தனி மெஷின் கொடுக்காமல், யார் எழுந்து போனாலும் அந்த இடத்தில் உட்கார வைத்தேன். இரண்டாவது வாரமே ஜோடிக்கணக்கு பழைய இடத்துக்கு வந்தது. இத்தனை எளிய விஷயம் எனக்கு முன்னாடியே தோன்றாமல் போனதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. கூலர் கேன்டீன் சுவருக்கு மாறியது. மூடி போட்ட பாட்டில் வைக்க மேஜைக்குக் கீழே கம்பித் தட்டு அடித்தோம். பேஸ்டிங்குக்கு நாலு ஸ்டூல் வந்தது. ஓய்வு அறைச் சாவி எங்களிடமே இருக்கிறது, மத்தியானம் பெஞ்சில் கால் நீட்டிப் படுக்கிறவர்களை எழுப்புவதுதான் இப்போது பெரும்பாடு.

மாசக் கடைசி வந்தது. அவள் நிற்கவில்லை. அடுத்து எடுத்த டெஸ்ட்டில் இன்ஃபெக்ஷன் இல்லை என்று வந்துவிட்டது. சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

போன மாதம் ஒருநாள் பெரிய ஆர்டர். காலையிலிருந்து நான் இங்கும் அங்கும் கத்திக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, வாங்க போவலாம்."

"எங்கம்மா?"

"காலைலேர்ந்து பாக்கறேன். நீங்க தண்ணியும் குடிக்கல, ஒரு தபா கூட போவவும் இல்ல. லைன அந்த ஆள் மாத்தி உக்கார்ற பொண்ணு பாத்துக்கும், சொல்லிட்டேன்."

எனக்கு வேலை கிடக்கிறது, எனக்கொன்றும் அவசரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய். பத்து மணியிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஆனதிலிருந்தே அப்படித்தான். அவள் என் பாட்டிலை எடுத்துத் திறந்து என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.