பரீதா பூவை நறுக்கிய நாள்

சித்தி பரீதா எங்கள் ஒழுங்கையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தது, அவளுடைய புருஷன் அபூதாஹிர் மௌத்தான அடுத்த வருடம். சித்தி என்பது அவளுடைய பெயரில் பாதி. முறையில் அவள் எனக்குச் சித்தி இல்லை. என்னைவிட எட்டு வயது இளையவள். அபூதாஹிர் மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஓடின லோஞ்சிப் படகில் கயிறு பிடித்தவர். அவர் போன பிறகு பரீதா மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டித் துறைமுக வாசலில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்து வந்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் அடுப்பு மூட்டமாட்டாள். மற்ற ஆறு நாளும் விடியப் புறத்தில் அவளுடைய குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டுத்தான் நான் கண் முழிப்பேன். இப்போது விடிந்த பிறகும் படுத்துக் கிடக்கிறேன்.

அவளுடைய கருவாட்டுக் குழம்புக்கு நல்ல பெயர். உப்புக் கருவாட்டை ஊறவைத்து மூன்று தண்ணீரில் கழுவுவாள். கறிவேப்பிலையில் மட்டும், சந்தையில் வாங்குவதால், அவளுக்குத் திருப்தி இல்லை. "இதில வாசம் இல்லக்கா, பச்சை நிறம் மட்டும்தான் இருக்கு" என்பாள்.

வாசமுள்ள மரம் மூதூரில், அவளுடைய உம்மாவின் வீட்டு வளவில் நின்றது. சண்டைக் காலத்தில் ஊரே எழும்பி ஓடித் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, மரம் நின்றதாம். உம்மா முதலில் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பார்த்தாவாம். உம்மாவும் போய்ப் பல வருடம் கழித்து, தமையன் மகன் அர்ஷாக் வீட்டைப் பெருப்பிக்க அந்த மரத்தை வேரோடு கிளப்பிவிட்டான். கேள்விப்பட்ட அன்றே பரீதா பஸ் ஏறிப் போனாள். கிளறிக் கிடந்த மண்ணில், வேரிலிருந்து வெடித்த ஒரே ஒரு கன்று உயிரோடு கிடைத்தது. ஈரச் சாக்கில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து என் படலையில் நின்றாள்.

"அக்கா, நான் இருக்கிற வாடகை வீட்டில முத்தமெல்லாம் சீமெந்து. இத உங்கட வளவில வைக்கட்டா? செத்துப் போனா உம்மாட மரம் எண்டு சொல்ல உலகத்தில ஒண்டும் இல்ல."

கிணற்றடிக்குக் கொஞ்சம் தள்ளி, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தோம். அது மாசி மாதம். என் வளவு என்பதால் சட்டம் நான் போட்டேன். என் மாமியார் கறிவேப்பிலைக் கன்று இடுப்புயரம் வரும்வரை அதில் இரும்பு படவிடமாட்டா. நானும் விடமாட்டேன் என்றேன்.

"மீன் தண்ணி ஊத்து. வேற ஒண்டும் வேண்டாம்" என்றும் சொன்னேன்.

சொன்னபடியே செய்தாள். தினமும் சமையல் முடிய ஒரு சட்டியோடு வருவாள், ஊற்றுவாள், குனிந்து பார்ப்பாள், போவாள். பங்குனி போனது, சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் போயின. கன்று வைத்த உயரத்திலேயே, ஒன்றரைச் சாணில், ஒற்றைக் குச்சியாக நின்றது. இருந்த இலைகளின் ஓரமும் கருகிக்கொண்டு வந்தது.

"இது வளருதா, இல்லாட்டி என்னோட பகிடி விடுதா?"

"பொறடி. உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்" என்றேன் நான்.

ஆவணியில் ஒரு காலை, கன்றைச் சுற்றி மண் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் மாறியது.

"அக்கா, உப்பு. கடல் மண்ணை விட உப்பு."

"உப்பு எங்கால வரும்? நீ என்ன தண்ணி ஊத்தினனி?"

"நீங்க சொன்ன மீன் தண்ணிதான். கருவாடு கழுவுற தண்ணி."

"மீன் எண்டுதானே சொன்னனான், கருவாடு எண்டு சொன்னனானே?"

"கருவாடு என்ன, ஆட்டிறைச்சியாக்கா?"

பச்சை மீன் கழுவின தண்ணீர் மண்ணுக்குச் சாப்பாடு. கருவாட்டுத் தண்ணீரில் இருப்பதெல்லாம் உப்பு. அது வேரைத் தண்ணீர் குடிக்க விடாது. ஆறு மாதம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கன்றைத் தாகத்தில் நிற்க வைத்திருக்கிறோம்.

மேல்மண்ணைச் சுரண்டி எறிந்தாள். என் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. எட்டு நாள் காலையும் மாலையும் வாளி வாளியாக அள்ளி ஊற்றினாள். மணல் நிலம், உப்பு கீழே இறங்கிப் போனது. அதன்பிறகு கொஞ்ச நாள் வேரைச் சும்மா விட்டாள். புரட்டாசியில் நுனியில் புதுத்தளிர் இரண்டு வந்தது. அதோடு உச்சியில் ஒரு பூங்கொத்தும் அரும்பியது. அந்த முழங்கால் உயரம் வராத குச்சியில் பூ. முதிர்ந்த மரத்தின் வேரில் வந்த கன்று அப்படிச் சீக்கிரம் பூக்குமாம். அது பிறகு பரீதா சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, கும்பிட்டது வீண்போகேல்ல" என்று சொல்லிவிட்டுக் காளி கோயிலுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பூ நிலத்தில் கிடக்கிறது. பூவோடு உச்சிக் குருத்தும் கிடக்கிறது. பரீதா கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறாள்.

"என்னடி செய்தனி?"

"நறுக்கிட்டன். சொன்னா விடமாட்டீங்க, அதுதான் நீங்க போகும்வரைக்கும் இருந்தன்."

"கொம்மா வைச்சிட்டுப் போன ஒண்டே ஒண்டு. அதின்ர தலையை வெட்டிப்போட்டியே."

"உம்மாட மரம் எண்டுதான் வெட்டினன். மூதூரில மருதோண்டிச் செடி வளர்த்தவளக்கா நான். எத்தின கலியாணத்துக்கு இலை குடுத்திருக்கன். நுனியை வெட்டினா, வெட்டினதுக்குக் கீழ இலைக்கக்கத்தில இருக்கிற முளை எழும்பும். பூக்க விட்டா பூவும் காயும் சத்தெல்லாத்தையும் உறிஞ்சிரும். உங்களுக்குப் பூ வேணுமா, கறிக்கு இலை வேணுமா?"

"அது என்ர வளவு."

"கன்று என்ர உம்மாட."

அதோடு பேச்சு நின்றது. பதினெட்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. அவள் வருவதை நிறுத்தவில்லை. குச்சிக்கு ஒரு சாண் தள்ளி வட்டமாக மண்ணைக் கிளறி, மக்கின ஆட்டுப் புழுக்கையைப் போட்டு மூடினாள். வாரத்தில் இரண்டு தரம் அரிசி கழுவின தண்ணீர், ஒரு தரம் புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றினாள். போகும்போது என் கதவுப் பக்கம் பார்த்து, "இண்டைக்கும் ஊத்தியாச்சு" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வாள். அவள் போன பிறகு நான் போய்ப் பார்ப்பேன். வெட்டின இடம் காய்ந்து கருத்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய உம்மா மரத்தைத் தொட்டுப் பார்த்த கதைதான் ஞாபகம் வரும்.

பத்தொன்பதாம் நாள் வெட்டுக்குக் கீழே, இலை பிரிகிற இடத்தில், கடுகளவு சிவந்த முளை ஒன்று தெரிந்தது. அதற்கடுத்த இலையின் கக்கத்தில் இன்னொன்று. எதிர்ப்பக்கத்தில் மூன்றாவது. கண் பொய் சொல்கிறதோ என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"மூண்டு" என்றேன்.

குழைத்துக்கொண்டிருந்த மாவோடு எழும்பி ஓடி வந்தாள். முளையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் கிணற்றடியில் குந்தியிருந்தாள். கையிலிருந்த மா காய்ந்துவிட்டது. "உம்மா" என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள்.

ஐப்பசி மழைக்கு அந்த மூன்றும் கிளையாகிவிட்டன. கிளை ஒரு சாண் நீண்டதும் அதன் நுனியையும் நறுக்கினாள். இந்தத் தரம் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது நான். இலையை ஒவ்வொன்றாக உருவாமல் ஈர்க்கோடு முறிக்க வேண்டும் என்றும், கிளை நுனியிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் காட்டித் தந்தாள். இரண்டாம் வருடம் மரம் என் தோளுக்கு வந்து குடைபோல விரிந்தது. அவள் கட்டின பார்சல்களில் அந்த வாசம் போனது.

போன தையில் மகள் ரிப்கா வந்து அவளைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முழங்கால் ஏலாது, இனி நின்று சமைக்க வேண்டாமாம். போகிற அன்று மரத்தடியில் நின்று, "அக்கா, பூ வந்தா இரக்கப்படாதீங்க" என்றாள்.

இரக்கப்படுகிறேன். பூவை இரண்டு நாள் பார்த்துக்கொண்டு இருப்பேன். மூன்றாம் நாள் நறுக்கி, இலையைக் கடதாசியில் சுற்றிக் கிண்ணியா பஸ்ஸில் கொடுத்துவிடுவேன்.