டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்த பொருள்

பிள்ளைகளே, கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஏன் திடீரென்று டிரம் ஏற்றும் பகுதிக்குப் போனார் என்று நீங்கள் கேட்டபோது, முதுகுவலி என்று சொன்னேன். அது பொய். நடந்ததை எழுதிவைக்கிறேன்.

தெலுங்கு ஊரான ஜீடிமெட்லாவில் எங்கள் மருந்து ஆலையில் சால்வென்ட் டிரம்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு பொறி போதும். அதனால் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். செக்யூரிட்டிக்காரர் எல்லாரிடமும் சொல்வார், “அரே பாய், உயிரை மட்டும் உள்ள எடுத்துட்டுப் போ. மத்ததெல்லாம் இங்க வை.”

வேலை செய்யும் இடத்தில் புகைப்பது சட்டப்படியே குற்றம். அதற்கு மேல் கம்பெனியும் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தது: வளாகத்திலும், கம்பெனி வண்டி எங்கே நின்றாலும் அதற்குள்ளும், சிகரெட், பீடி, குட்கா, இ-சிகரெட் எதுவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. டிரைவர்கள் அதில் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

என் வேனில் தினமும் வந்தவர் ஸ்டோர்ஸ் உதவி மேலாளர். என்னைவிட இளையவர், தூத்துக்குடிப் பக்கம். எனக்கும் அந்தப் பக்கம்தான். “வண்டிக்குள்ள சார் மோர்லாம் வேண்டாம் அண்ணாச்சி, தம்பின்னே கூப்பிடுங்க” என்றார். அந்நிய ஊரில் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் விழுந்துவிட்டேன்.

சிகரெட்டை விட்டுவிட்டு அவர் வேப் என்கிற இ-சிகரெட்டுக்கு மாறியிருந்தார். பேனா மாதிரி ஒரு கருவி. இங்கே விற்பதற்கே தடை, எங்கிருந்தோ வாங்கிவந்திருந்தார்.

“தம்பி, இதுவும் கூடாதுன்னுல்லா போட்டிருக்கு?”

“இது புகையா அண்ணாச்சி? வெறும் ஆவி. இட்லிக் கொப்பரையில வரலியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டில் கொடுத்தால் பேர் எழுதுவார்கள், சாயங்காலம் வரை வேனில் இருக்கட்டும் என்றார். பார்க்கிங் கேட்டுக்கு வெளியேதானே, அங்கே வைத்தால் தப்பில்லை என்று நான் நினைத்தேன். டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கையெழுத்துப் போட்ட தாளில் ‘எங்கே நின்றாலும்’ என்று இருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் பாதுகாப்பு அதிகாரி பார்க்கிங்கில் எல்லா வண்டியையும் சோதித்தார். என் சாவியை வாங்கித் திறந்தார். எடுத்தார். மறுநாள் மெமோ வந்தது: இரண்டு நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

டீக்கடையில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பேரு வந்தா என்னை நிக்க வச்சே அனுப்பிருவாங்க அண்ணாச்சி. உங்க சர்வீசுக்கு ஒரு வார்னிங், அவ்வளவுதான். ஒரு சவாரி ஆள் மறந்து வச்சிட்டுப் போயிட்டாருன்னு நானே இங்கிலீஷ்ல எழுதித் தாரேன்.”

அங்கேயே எழுதித் தந்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், பொருள் தெரியாது. உங்களிடம் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் படித்திருப்பீர்கள். அப்பா மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியக் கூடாது என்று காட்டவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நகல் பையில் இருந்தது.

விசாரணையில் அதிகாரி அந்தக் கடிதத்தைத் தெலுங்கில் விளக்கினார். அதில் இப்படி இருந்தது: கருவி என்னுடையது. வேனுக்குள் நான்தான் பயன்படுத்தினேன். வேறு யாருக்கும் சம்பந்தமில்லை. மன்னிக்கவும்.

“கையெழுத்து உங்களோடதுதானே?”

எதிரே சாட்சியாக உட்கார்ந்திருந்த தம்பியைக் காட்டினேன். “ஆமா சார். ஆனா அது இவரோட பொருள். எழுதிக் கொடுத்ததும் இவர்தான்.”

தம்பி தமிழே தெரியாதவர்போல் இங்கிலீஷில் பேசினார். பிறகு என்னைப் பார்க்காமலே இந்தியில் சொன்னார், “பலமுறை சொன்னேன் சார். டிரைவர் கேக்கல.”

டிரைவர். ‘அண்ணாச்சி’ போய்விட்டது.

நான் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அவர் சொன்னதற்கு என் கையெழுத்தே சாட்சி. வேலை போகவில்லை. வண்டி போயிற்று. விதியின் மேல் எனக்குக் கோபமில்லை, பிள்ளைகளே. அத்தனை டிரம் இருக்கும் இடத்தில் அது வேண்டும். அந்தப் பெட்டியைப் பூட்டியது என் தப்புத்தான். ஆனால் அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது அவருடைய டீக்கும் நான்தான் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன். அதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

அன்று வேன் சாவியை ஒப்படைத்துவிட்டு ஷாபூர் நகர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ்களை விட்டேன். நகலை மடியில் விரித்து, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகக் கைபேசியில் தட்டி, பொருள் பார்த்து, அதன் மேல் பேனாவால் தமிழில் எழுதினேன். என் பெயர் வரும்வரை எழுதினேன்.