பதினொன்று புள்ளி மூன்று

அடையாறில் ஒரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். மே மாதம், மின்விசிறி அனலைத்தான் வாரி இறைத்தது. காலையிலிருந்து பதினோரு பேர் நோட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நூலில் தொங்கும் குண்டை வட்டமாகச் சுற்றவிட்டு நேரம் பார்க்கிற கூம்பு ஊசல் சோதனை, எல்லாருக்கும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8. விடையை முதலில் எழுதி, அதற்கு ஏற்றபடி நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிற சமையல் எனக்குத் தெரியாதா? தெரியும். சண்டை போடத் தெம்பில்லை.

கடைசியாக வந்தவன் அரியர் பையன். மூன்றாவது முயற்சி. இந்த ஒரு தாள் தேறினால்தான் டிகிரி. ஒரு கம்பெனி அந்தச் சான்றிதழுக்காக அவனுக்கான வேலையை நிறுத்தி வைத்திருந்தது. அவன் விடை 11.3.

"என்னப்பா இது? பூமியை மாத்திட்டியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நான் இன்னா மேடம் பண்றது? வாட்ச்சு அதான் காட்டுது."

அந்தக் கல்லூரி ஆசிரியரான உள் தேர்வாளர் என் காதருகே வந்தார். "விட்டுடுங்க மேடம், 9.8னு திருத்தச் சொல்லிடறேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "சுத்துப்பா, நானே எண்றேன்" என்றேன். தரையில் வரைந்த ஐம்பது சென்டிமீட்டர் ஆர வட்டத்தின் மேல் குண்டைச் சுற்றிவிட்டான். பத்துச் சுற்றுக்கு 17.4 வினாடி. அவன் எழுதியதும் அதுவே. தாங்கியில் ஒட்டிய அட்டைப்படி நூல் நூறு சென்டிமீட்டர் என்றால் 18.7 வந்திருக்க வேண்டும்.

குண்டின் எடைக்கு இதில் வேலையில்லை. நூல் தொங்கும் கொக்கியிலிருந்து குண்டு சுற்றும் வட்டத்தின் தளம் வரை உள்ள செங்குத்து உயரம்தான் நேரத்தை முடிவு செய்யும். உயரம் குறைந்தால் சுற்று வேகமாகும். அளவுநாடா கேட்டு, கொக்கியிலிருந்து குண்டின் மையம் வரை பிடித்தேன். தொண்ணூறு.

"அட்டையில நூறுன்னு போட்டிருக்கே?"

ஆய்வக உதவியாளர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு வருஷம் முன்ன நூல் அறுந்துச்சும்மா. புதுசு கட்டினோம். அட்டையை மாத்தல."

அப்படியென்றால் நூலின் சாய்வும் முப்பது பாகை இல்லை, கிட்டத்தட்ட முப்பத்துநான்கு. நூலின் இழுவிசையும் மற்றப் பதினோரு பேர் எழுதியதைவிட அதிகம். உயரம் எண்பத்தாறரை இல்லை, எழுபத்தைந்துக்குச் சற்றுக் குறைவு. அதை வைத்துப் போடச் சொன்னேன். 9.8 வந்தது. ஐயோ, அன்று முழுக்க உண்மையாக நேரம் பார்த்தவன் அவன் ஒருவன்தான்!

"சபாஷ்பா, நீ பாஸ்" என்றேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அவன் சிரிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டான்.

"போன வருஷமும் இதே பதினொண்ணுதான் மேடம் வந்துச்சு."

"அப்பவே யாராவது அளந்து பார்த்திருக்கலாமே?"

"அப்பவும் நீங்கதான் மேடம் வந்தீங்க."