வெர்லின் கொடுத்த வாக்கு

வெர்லின் காலிஸ்ட் லேசில் பயப்படுகிறவள் அல்ல. செயின்ட் ஜார்ஜஸ் நகரத்து மேட்டில் ரொட்டி சுட்டு விற்று, பஸ் டிரைவர்களோடு மல்லுக்கு நின்றே இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். அன்று கோர்ட்டில் மட்டும், தோழியாகத் துணைக்குப் போன என் கையை அவள் விடவே இல்லை.

அவள் வீட்டுக்குக் கீழே உள்ள மனை கர்டிஸ் ரெட்ஹெட்டுடையது. வாடகை வீடுகள் கட்ட மலைச்சரிவைக் குடைந்துகொண்டிருந்தார். அவள் சுவரில் விரல் நுழையும் விரிசல். மழையும் தொடங்கிவிட்டது. வழக்கு முடிய வெகுகாலம் ஆகும். அதுவரை தோண்டாமலிருக்க இடைக்காலத் தடை கேட்டிருந்தாள்.

யார் சொல்வது உண்மை என்று நீதிபதி கேட்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. விசாரிக்கும்படி விஷயம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். எங்கள் தரப்புப் பொறியாளரின் அறிக்கையைப் புரட்டிவிட்டு, இருக்கிறது என்றார்.

"சேதமானா பின்னாடி பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாதா?" என்று கேட்டார்.

"அந்த வீட்டுல மூணு பேர் தூங்குறாங்க, மை லார்ட்," என்றார் எங்கள் வக்கீல் மிஸ் ஃபிலிப்.

"அவ்வளவு பயம்னா, விரிசல் கண்டதும் ஏன் வரல?"

அங்கேதான் வெர்லின் தப்புப் பண்ணியிருந்தாள். ரெட்ஹெட் அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் கோர்ட்டுக்கா போவது என்று, வாரக்கணக்கில் ரொட்டி கொடுத்தனுப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மிஸ் ஃபிலிப் மறைக்காமல் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

எந்திர வாடகை, வங்கிக் கடன், வேலையாட்கள் என்று, வேலை நின்றால் வரும் நஷ்டங்களை ரெட்ஹெட்டின் வக்கீல் அடுக்கினார். நீதிபதி எங்கள் பக்கம் திரும்பினார்.

"தடை கொடுத்து, கடைசியில உங்க கட்சிக்காரர் தோத்தா, இவருக்கு ஆன நஷ்டத்தை அவங்க ஈடுகட்டணும். வாக்குக் கொடுக்கிறாங்களா?"

மிஸ் ஃபிலிப் எங்களிடம் குனிந்தார். "உங்ககிட்ட இருக்கறது அந்த வீடுதான்னு கோர்ட்ல ஏற்கெனவே சொல்லிட்டேன். வாக்குக் கொடுத்தா அதுவே போகலாம்."

"எதைக் காப்பாத்த வந்தேனோ அதையா?"

"ஆமா, வெர்லின்."

எழுந்து போய்விடலாம் என்று எனக்கே தோன்றியது. அவள் கண்ணை மூடி, வாக்குக் கொடுப்பதாகத் தலையாட்டினாள்.

"வேலை நின்னா இவருக்குப் பணம் போகும். மலை சரிஞ்சா ஆளுங்க திரும்பி வரமாட்டாங்க," என்றார் நீதிபதி. எல்லையை ஒட்டித் தோண்டக்கூடாது என்று தடை போட்டார். மற்ற இடத்தில் வேலை நடக்கலாம். மீறினால் ஜெயில்.

வெளியே ரெட்ஹெட் எங்களுக்காக நின்றிருந்தார்.

"மக்மே," என்றார், ஞானமகளின் தாயை அழைக்கும் அந்த உறவுமுறை வைத்தே. "மலை நிக்கும். என் இன்ஜினியர் கோர்ட்ல வந்து சொல்லுவார்."

அவர் குரலில் கோபமே இல்லை.

சாயங்காலம் எந்திரம் ஓய்ந்திருந்தது, மழை வலுத்தது. வெர்லின் அடுப்படி வாசலில் நின்று சரிவையே பார்த்தாள்.

"மலை நின்னா நான் தோத்து, வீட்டை அவர் எடுத்துப்பார். சரிஞ்சா மண்ணு எடுத்துக்கும். நான் எதுக்குன்னு வேண்டிக்கிறது, சொல்லு?"

பிள்ளைகளை என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். எவ்வளவு கூப்பிட்டும் அவள் வரவில்லை.