மேனேஜருக்குப் பிடித்த பதில்

என் தங்கை லோகநாயகிக்கு வாய் நீளம். அப்படிச் சொன்னவர் நசரத்பேட்டையில் பிரேக் சாமான் செய்யும் ஒரு பட்டறை முதலாளி. அங்கே சரக்கை அளந்து பார்த்துப் பாஸ் போடுவது இவள் வேலை. அளவு தப்பிய சரக்கை லாரியில் ஏற்ற விடமாட்டேன் என்று இவள் நின்றாள். மறுநாளே கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவள் வாயில் பூட்டு விழுந்தது.

அது தொண்ணூற்றொன்று. ஆவடி ஃபேக்டரியில் அப்பாவுக்கு அந்த வருடம் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அம்மாவையும் அப்பாவையும் வாடகை வீட்டில் வைத்துக் காப்பாற்ற இவள் சம்பளம்தான் வழி. நான் திருமுல்லைவாயிலில் ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தேன். என்னால் ஆகக்கூடியது அவள் இன்டர்வியூவுக்குப் போகும்போது கூடப் போய் உட்கார்ந்திருப்பதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கோதண்டம் கம்பெனி. அங்கேயும் பிரேக் பிஸ்டனை அளந்து பார்க்கும் வேலைதான். முதல் சுற்றில் சூப்பர்வைசர் மைக்ரோமீட்டரையும் ட்ராயிங்கையும் கையில் கொடுத்தார். அது இவளுக்குச் சோறு தின்கிற மாதிரி. இரண்டாவது சுற்றில் வொர்க்ஸ் மேனேஜர் சண்முகசுந்தரம். ஷிஃப்டுக்கு வருவியா, கல்யாணம் எப்போ என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாகக் கேட்டாராம்: "பிஸ்டன் அளவு துளி தாண்டியிருக்கு, கஸ்டமர் லாரி கேட்ல நிக்குது. இன்னா பண்ணுவே?"

"உங்களைக் கேட்டு நீங்க சொல்றபடி செய்வேன் சார்."

மனிதருக்குப் பூரிப்பு. "அப்படித்தான் இருக்கணும். முதலாளி கேட்டாலும் இதையே சொல்லு" என்று அனுப்பினாராம். வேலை கிடைத்த மாதிரிதான் என்று வீட்டில் பாயசம் வைத்தோம். எங்கள் புத்தியை என்னவென்று சொல்ல.

மூன்றாவது சுற்று முதலாளி கோதண்டத்திடம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். சர்டிஃபிகேட் ஃபைலை அவர் திறக்கவே இல்லையாம். அளவு, கருவி என்று ஒரு வார்த்தை இல்லை. அதே லாரிக் கேள்வியைக் கேட்டார். இவளும் அதே பதிலைச் சொன்னாள்.

"மேனேஜரைக் கேப்பியா? அப்ப உன்னை எதுக்கு வெக்கணும்? அவருதான் ஏற்கெனவே கீறாரே. போய்ட்டு வாம்மா."

இவள் போகாமல் அங்கேயே நின்றாள். மேனேஜர் பாஸ் போட்ட பதில் எப்படி ஃபெயில் ஆகும்?

"லாரி நேரத்துக்குப் போகணும்ன்றது அவரு கவலை. அதுக்குத்தான் சம்பளம் தர்றேன்" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நாளைக்கு ஒரு பஸ்ஸுக்குப் பிரேக் புடிக்கலேன்னா கேட்ல எழுதிக்கீற பேரு என்னுது. உன் கவலை அதுவா இருக்கணும்."

அப்போதுதான் இவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வேலைதான் போய்விட்டதே, இனி என்ன மரியாதை.

"நிறுத்துவேன்னு சொன்னதுக்குத்தான் சார் போன இடத்துல என்னைத் தூக்குனாங்க. அங்க நிறுத்தினா தப்பு, இங்க நிறுத்தலைன்னா தப்பு. நான் எதைச் சொல்லி வேலை வாங்குறது?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "எந்த கம்பெனி?"

"பேரு வேணாம் சார். இப்ப அங்க வேலை செய்றவங்க இருக்காங்க."

அவர் அதற்கு மேல் பேரைக் கேட்கவில்லை. பிறகு, "சரி, அந்த லாரியை இன்னா பண்ணுவே? உண்மையச் சொல்லு."

"நிறுத்துவேன். அந்த லாட்டைத் தனியா வெப்பேன். பரவாயில்லைன்னு கஸ்டமர் எழுத்துல குடுத்தா போகட்டும். வாயால சொன்னா போகாது."

"நானே வந்து அனுப்புன்னு சொன்னா?"

அம்மா, அப்பா, வாடகை வீடு எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றதாம்.

"நீங்க முதலாளி, அனுப்பிக்கலாம். என் கையெழுத்து இருக்காது."

கதவைத் திறந்துகொண்டு வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. என்னடி என்றேன். அதற்குள் சண்முகசுந்தரம் சிரித்த முகமாக வந்துவிட்டார்.

"இன்னாம்மா, எங்கிட்ட சொன்ன மாதிரியே சொன்னியா?"

"சொன்னேன் சார். போய்ட்டு வான்னுட்டாரு."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம்?"

"ஒண்ணாந்தேதி வேலைக்கு வரச் சொல்லியிருக்காரு" என்றாள். "சரக்கை நிறுத்துறதுன்னா உங்களைக் கேக்க வேணாமாம் சார்."