வலப்பக்கத்திலிருந்து புறப்பட்ட தவளை

திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மூன்றாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் வேறு தெருப் பள்ளிக்குப் போக வேண்டும். போக விடுவார்களா? எட்டு வயதில் படிப்பு முடிந்து, பிள்ளை வீட்டோடு இருந்துவிடும்.

அந்த மூன்றாம் வகுப்பின் டீச்சர் நஜ்முன்னிசா. அவளுடைய அத்தா ஜெகபர் அலி புத்தகம் பைண்டு செய்கிறவர். பெண்ணை டிரெயினிங் படிக்க வைத்ததற்காகச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். அவர் காதில் பசையைத் தடவிக்கொண்டவர் போல இருந்துவிட்டார். நஜ்முன்னிசாவும் லேசுப்பட்டவள் இல்லை. நாலாம் வகுப்பு வேண்டும், வேண்டும் என்று பள்ளி நிர்வாகியைக் கேட்டுக் கேட்டு அவரை ஓயவைத்துவிட்டாள். கடைசியில் அவர் சொன்னார்:

"இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்துட்டு நல்லபடியா எழுதட்டும். ஜூன்ல திறந்துடலாம். இல்லேன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்."

இன்ஸ்பெக்டரம்மா மரியநேசம் அம்மாள், மாதிரிப் பாடமாகக் கேட்டது தவளையின் வாழ்க்கையை. மனப்பாடம் கூடாது, பிள்ளைகள் பார்த்து, செய்து, காட்ட வேண்டும் என்று உத்தரவு.

ஐப்பசி மழை அதற்குத் தோதாகப் பெய்தது. பள்ளி ஆயா பொன்னுத்தாய், வயலோரத்துக் குட்டையிலிருந்து ஒரு சட்டி நிறையத் தண்ணீரோடு தவளை முட்டைகளை அள்ளி வந்தாள். ஊறவைத்த ஜவ்வரிசி நடுவே கறுப்புப் புள்ளி வைத்தாற்போல இருந்தது. "இதையெல்லாமா ஸ்கூல்ல வைப்பாங்க!" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே மறுநாளும் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் நீந்தின. பிள்ளைகள் வெந்த கீரையைக் கிள்ளிப் போட்டார்கள். முதலில் பின்கால்கள் வந்தன. பிறகு முன்கால்கள். ஏறி உட்கார நஜ்முன்னிசா ஒரு கல்லைப் போட்டு வைத்தாள். பார்த்ததையெல்லாம் அத்தா கடை அட்டைத் துண்டுகளில் வரைந்தாள். முட்டை, தலைப்பிரட்டை, பின்கால் வந்தது, முன்கால் வந்தது, குட்டை வாலோடு குட்டித் தவளை, பெரிய தவளை என்று ஆறு படங்கள். பிள்ளைகள் அவற்றைக் கலைத்துப் போட்டு வரிசையாக அடுக்கிப் பழகினார்கள். நஜ்முன்னிசா எதிரே உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு பிசகும் இருக்காது. அதையே நாடகமாக நடித்துக் காட்டவும் பழகினார்கள்.

எல்லாரிலும் சுராயா வாயாடி. வாசனைச் சாமான் கடைக்காரர் தாஜுதீனின் மகள். "நம்ம பள்ளியில நாலாவது வந்தா அனுப்புறேன். வேற எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்று அவர் முடிவாகச் சொல்லியிருந்தார். அது சுராயாவுக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "அடுக்குங்க, பார்க்கலாம்" என்றார். சுராயா சடசடவென்று அடுக்கினாள். மற்றவர்களும் அப்படியே.

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? தவளையில ஆரம்பிச்சு முட்டையில முடியுது? பெரிய தவளை சின்னதாகி, காலை இழந்து, முட்டைக்குள்ள போயிடுதா? ஒரு பிள்ளை இல்லை, எல்லாப் பிள்ளைகளும் தப்பா வச்சிருக்கு!"

நஜ்முன்னிசா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் இடக்கைப் பக்கம் தவளை, வலக்கைப் பக்கம் முட்டை. இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து பார்த்ததால் அவள் கண்ணுக்கு வரிசை நேராகவே தெரிந்திருக்கிறது! இன்ஸ்பெக்டரம்மாவின் பென்சில் காகிதத்துக்குப் போய்விட்டது. நாலாம் வகுப்பும் போனது என்று அவள் நினைத்தாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒன்று வாயைத் திறந்தது.

"தப்பில்லைங்கம்மா" என்றாள் சுராயா. "முட்டை இந்தப் பக்கம் இருக்கு. நாங்க வலது பக்கத்துலேருந்துதான் ஆரம்பிப்போம். காலையில மதரஸாவுல அரபி ஓதுறப்பவும் அப்படித்தான்."

"தமிழ் வாசிக்கிறது இடது பக்கத்துலேருந்துதானே?"

"தமிழ்னா இடதுதாங்கம்மா. ஆனா தவளை தமிழா, அரபியா? டீச்சர் சொல்லலையே!"

பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை. சாமர்த்தியமான பதிலுக்கு மார்க் போடுகிற ஆள் இல்லை அவர். "சரி, நாடகத்தைக் காட்டுங்க. வாய்ப்பேச்சு வேணாம்" என்றார்.

ஐந்து பிள்ளைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டார்கள். மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. அதுதான் முட்டையைச் சுற்றிய வழுவழுப்பு. துணி விலகியது. இடுப்பில் செருகிய முக்காட்டுத் துணிகள் வாலாக ஆட, கையையும் காலையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு நெளிந்து நெளிந்து வந்தார்கள். ஒரு கால் எட்டிப் பார்த்தது. பின்னாலே மற்றொரு கால். அப்புறம்தான் கைகள். அடிக்கடி தலையைத் தூக்கி வாயைத் திறந்து காற்றைக் குடித்தார்கள். சுராயா கல் மேல் ஏறுவது போலத் தவழ்ந்தாள். அவள் வால் துணி கொஞ்சம் கொஞ்சமாக இடுப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நில்லு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "வாலை உருவிக் கீழே போட வேண்டியதுதானே? ஏன் உள்ளே செருகுற?"

"வால் கழண்டு விழாதுங்கம்மா. நாங்க சட்டியில தேடிப் பார்த்தோம், ஒண்ணுகூடக் கிடைக்கலை. அது உடம்புக்குள்ளயே கரைஞ்சு போகும். அப்போ கீரை போட்டா தின்னாது. அந்த வால்தான் அதுக்குச் சோறு!"

மரியநேசம் அம்மாள் தாமே பாயில் உட்கார்ந்து ஆறு அட்டைகளையும் கலைத்து சுராயாவிடம் நீட்டினார். "நானும் இங்க உட்கார்றேன், உங்க டீச்சர் அங்க உட்காரட்டும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தப்பாத் தெரியாதபடி வை, பார்க்கலாம்."

சுராயா அட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள். நஜ்முன்னிசா உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். சொல்லிக் கொடுத்துவிட நாக்குத் துடித்தது.

சுராயா முட்டையை வைத்தாள். அடுத்ததைச் சற்றுத் தள்ளி வளைத்து வைத்தாள். இன்னும் வளைத்தாள். பெரிய தவளை கடைசியில் வந்து முட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. வரிசை வட்டமாகிவிட்டது.

"இந்தத் தவளைதானே அந்த முட்டையைப் போடுது! எங்க உட்கார்ந்தும் பார்க்கலாம். முட்டையிலேருந்து எந்தப் பக்கம் போகணும்னு மட்டும் ஒரு அம்புக்குறி போட்டுடுங்க டீச்சர்."

நஜ்முன்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் வட்டத்தைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. இது என் பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை என்று ஊர் கேட்கக் கத்தலாம் போலிருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா பென்சிலை எடுத்து எழுதினார். எழுந்தபோது அட்டை யார் கடையுடையது என்று கேட்டுக்கொண்டு, "உங்க அத்தா அட்டையெல்லாம் நல்லாவே வெட்டியிருக்கார். நாலாம் வகுப்புக்கும் வேண்டியிருக்கும், சொல்லி வையுங்க" என்றார்.

ஜூன் மாதம் நாலாம் வகுப்பு திறந்தது. திறந்த அன்று தாஜுதீன் தாமே மகளைக் கூட்டிவந்தார். சுவரில் வட்டமாக ஒட்டியிருந்த ஆறு அட்டைகளைப் பார்த்து, "இது எங்கேம்மா முடியுது?" என்று கேட்டார்.

"முடியாதுங்க அத்தா" என்றாள் சுராயா. சொல்லிவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.